டி-டைமர்: 'இல்லை' என்ற பதிலை எப்போது நம்பலாம்?

கொரோனா காலத்தில்தான் டி-டைமர் என்ற பெயர் ஆய்வுக்கூடங்களிலிருந்து வீடுகளுக்குள் வந்தது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் ரிப்போர்ட்டில் அந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகி வந்தது. 'ரத்தம் உறைகிறதாம்' என்று குடும்பங்கள் பதறின. அதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பரிசோதனைக்கு வேறொரு வேலை இருந்தது. காலில் வீக்கமும் வலியுமாக வரும் ஒருவருக்கு ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பலாமா, அல்லது ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு விடை தேடுவதுதான் அந்த வேலை.

ரத்தக்கட்டி இருக்கிறது என்று நிரூபிக்க இந்தப் பரிசோதனையால் முடியாது. இல்லை என்று சொல்ல முடியும், ஆனால் அந்த 'இல்லை' எல்லோருக்கும் ஒரே அளவு உறுதியானது அல்ல. கட்டி இருக்கும் வாய்ப்பு முதலிலேயே குறைவாக இருப்பவரிடம்தான் அதை நம்பி நடக்கலாம். அது ஏன் என்பதை இந்த அத்தியாயம் காலில் ஏற்படும் ஆழ்சிரை ரத்த உறைவை, அதாவது டாக்டர்கள் டி.வி.டி. என்று சொல்லும் நோயை, வைத்து விளக்குகிறது. வெளிநோயாளிகளைப் பார்க்கும் இளம் டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஆய்வுக்கூட ஊழியர்களுக்கும் இது எழுதப்பட்டது. கையில் ரிப்போர்ட்டோடு நிற்கும் நோயாளியும் உறவினரும் படித்தாலும் புரியும்.

இந்தப் பரிசோதனை எதை அளக்கிறது?

நம் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் எப்போதும் கரைந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தம் உறையத் தொடங்கும்போது த்ராம்பின் என்ற நொதி இந்தப் புரதத்தின் சிறு நுனிகளை வெட்டி எடுக்கிறது. வெட்டுப்பட்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஃபைப்ரின் இழைகளாகின்றன. இந்த நிலையில் இழைகள் இன்னும் தளர்வானவைதான். பிறகு 13-ஆம் உறைகாரணி வந்து, அடுத்தடுத்த மூலக்கூறுகளின் 'டி' பகுதிகளை உறுதியான வேதிப்பிணைப்பால் இணைக்கிறது. அப்போதுதான் கட்டி கெட்டிப்படுகிறது.

கட்டி உருவான உடனேயே அதைக் கரைக்கும் வேலையையும் உடல் ஆரம்பித்துவிடுகிறது. பிளாஸ்மின் என்ற நொதி ஃபைப்ரின் வலையைத் துண்டு துண்டாக அறுக்கிறது. ஆனால் இரண்டு 'டி' பகுதிகளையும் சேர்த்த அந்தப் பிணைப்பை அதனால் அறுக்க முடியாது. ஆகவே, இணைந்த இரண்டு 'டி' பகுதிகள் ஜோடியாகவே ரத்தத்தில் மிதக்கின்றன. அந்த ஜோடித் துண்டுதான் டி-டைமர்.

கிழிந்த துணித்துண்டு ஒன்றில் தையல் இருந்தால், இரண்டு துணிகள் ஒருகாலத்தில் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன, பிறகு கிழிக்கப்பட்டன என்று இரண்டு செய்திகளும் ஒருசேரத் தெரியும். டி-டைமர் சொல்வதும் அப்படித்தான். ஃபைப்ரின் உருவானது, கெட்டிப்பட்டது, கரையவும் தொடங்கியது என்று மூன்றையும் அது சேர்த்துச் சொல்கிறது. உறையாத ஃபைப்ரினோஜனை பிளாஸ்மின் அறுத்தால் ஒற்றை 'டி' துண்டுகள்தான் கிடைக்கும். ஜோடியை மட்டும் அடையாளம் கண்டு பற்றும் எதிர்ப்பொருளை 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உருவாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் இது அன்றாட ரத்தப் பரிசோதனையாக மாற முடிந்தது. இன்றும் எல்லா முறைகளும் இந்த வகை எதிர்ப்பொருளை நம்பியே நடக்கின்றன.

கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, எதனால் வந்தது, அது நோயா அல்லது உடலின் இயல்பான பழுதுபார்ப்பா என்பது எதுவும் இந்த எண்ணில் இல்லை. இதை மறந்துவிடுவதால்தான் இந்தப் பரிசோதனையில் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

எண் கூடினால் ஏன் நோய் என்று சொல்ல முடியாது?

உடலில் ஃபைப்ரின் உருவாகும் எந்த நிலையிலும் டி-டைமர் கூடும். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்குக் காயம் ஆறும் இடமெங்கும் ஃபைப்ரின் உருவாகிக் கரைகிறது. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று ஆகியவற்றில் அழற்சியே உறைதலைத் தூண்டுகிறது. கொரோனாவில் எண் கூடியதற்கும் அழற்சிதான் பெரும் காரணம். புற்றுநோய், கல்லீரல் நோய், எலும்பு முறிவு, பெரிய தோல் காயம் ஆகியவற்றிலும் கூடும். கர்ப்பத்தில் மாதம் ஏற ஏற எண்ணும் ஏறும். பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில்தான் இறங்கும். எந்த நோயும் இல்லாவிட்டாலும் வயது ஏறும்போது மெல்லக் கூடிக்கொண்டே போகும்.

ஆகவே, கூடிய எண் ஒரு நோயின் பெயரைச் சொல்லாது. இன்னும் தேடிப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே சொல்லும். ஆனால் எதிர்த்திசையில் தர்க்கம் வலுவாக இருக்கிறது. தொடையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ உள்ள பெரிய சிரையில் புதிதாகக் கட்டி உருவாகியிருந்தால், உடல் அதைக் கரைக்க முயலாமல் இருக்காது. சில மணி நேரத்துக்குள் டி-டைமர் ரத்தத்தில் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை என்றால், பெரும்பாலும் கட்டி இல்லை. இந்தப் பரிசோதனையின் பயன் முழுவதும் இந்த ஒரு வாதத்தில்தான் இருக்கிறது. அதில் 'பெரும்பாலும்' என்ற சொல் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதே மீதி வேலை.

ஊசி போடும் முன் போட வேண்டிய மதிப்பெண்

ரத்தம் எடுப்பதற்கு முன்பே நோயாளிக்குக் கட்டி இருக்கும் வாய்ப்பைக் கணித்துவிட வேண்டும். எண் வந்த பிறகு கணித்தால், அந்த எண்ணே நம் கணிப்பை இழுத்துவிடும். இதற்குப் பரவலாகப் பயன்படுவது கனடாவைச் சேர்ந்த டாக்டர் ஃபிலிப் வெல்ஸும் அவருடைய குழுவினரும் வகுத்த மதிப்பெண் முறை. மேசையருகே வைத்துக்கொள்ள ஒரு அளவுநாடா போதும்.

கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்:

- புற்றுநோய்க்கு இப்போதோ கடந்த ஆறு மாதத்திலோ சிகிச்சை, அல்லது முற்றிய புற்றுநோய்
- காலில் பக்கவாதம் அல்லது அண்மையில் போட்ட மாவுக்கட்டு
- அண்மையில் 3 நாளோ அதற்கு மேலோ படுத்த படுக்கை, அல்லது 12 வாரத்துக்குள் மயக்கமருந்து கொடுத்துச் செய்த பெரிய அறுவைச் சிகிச்சை
- ஆழ்சிரைகள் ஓடும் தடத்தில் தொட்டால் வலி
- கால் முழுவதும் வீக்கம்
- கெண்டைக்கால் சுற்றளவு மறுகாலைவிட 3 செ.மீ.யோ அதற்கு மேலோ கூடுதல்
- வலிக்கும் காலில் மட்டும் அழுத்தினால் குழி விழும் வீக்கம்
- சுருள்சிரை அல்லாத மேற்சிரைகள் புடைத்துத் தெரிவது
- முன்பு உறுதிசெய்யப்பட்ட ஆழ்சிரை ரத்த உறைவு

வேறொரு காரணம் அதே அளவுக்கோ அதற்கு மேலோ பொருந்துகிறது என்றால் இரண்டு மதிப்பெண் கழிக்க வேண்டும். தசைக் கிழிவு, தோல் தொற்று, மூட்டுக்குப் பின்னால் நீர்க்கட்டி உடைதல் ஆகியவை அப்படிப்பட்ட காரணங்கள்.

கெண்டைக்காலை அளப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே, இரண்டு காலிலும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். கண்மதிப்பாகச் சொன்னால் மதிப்பெண் மாறிவிடும்.

மொத்தம் 1 அல்லது அதற்குக் கீழே வந்தால் கட்டி இருக்க வாய்ப்புக் குறைவு. 2 அல்லது அதற்கு மேல் வந்தால் வாய்ப்பு அதிகம். வெல்ஸ் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த பிரிவில் 100 பேரில் ஐந்தாறு பேருக்கும், உயர்ந்த பிரிவில் 100 பேரில் ஏறத்தாழ 28 பேருக்கும் கட்டி இருந்தது. மதிப்பெண் 1-ஐத் தாண்டி ஏற ஏற இந்த விகிதமும் ஏறிக்கொண்டே போகும்.

இந்தப் பட்டியல் வெளிநோயாளிகளுக்காக வகுக்கப்பட்டது. வார்டில் பல நாள் கிடப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் இதை அப்படியே பொருத்தக் கூடாது. கருத்தடை மாத்திரை இந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆயிரம் பேரை வைத்து ஒரு கணக்கு

நல்ல தரமான டி-டைமர் பரிசோதனை, கட்டி உள்ள 100 பேரில் ஏறத்தாழ 96 பேரைப் பிடித்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். கட்டி இல்லாத 100 பேரில் 40 பேருக்குத்தான் 'இல்லை' என்ற சரியான பதிலைத் தரும் என்றும் வைப்போம். மீதி 60 பேருக்கு வேறு காரணங்களால் எண் கூடியிருக்கும். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். நடைமுறையில் காணப்படும் அளவுகளுக்கு நெருக்கமானவை.

முதலில் வாய்ப்புக் குறைந்த ஆயிரம் பேரை எடுப்போம். இவர்களில் 100-க்கு 5 வீதம் 50 பேருக்குக் கட்டி இருக்கிறது. பரிசோதனை அவர்களில் 48 பேரைப் பிடிக்கும். 2 பேரைத் தவறவிடும். கட்டி இல்லாத 950 பேரில் 380 பேருக்கு 'இல்லை' என்று வரும். ஆக மொத்தம் 382 பேர் 'இல்லை' என்ற ரிப்போர்ட்டோடு வெளியே வருகிறார்கள். அவர்களில் உண்மையில் கட்டி உள்ளவர்கள் 2 பேர். அதாவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவர்.

இப்போது வாய்ப்பு மிக உயர்ந்த ஆயிரம் பேர். இவர்களில் பாதிப் பேருக்கு, 500 பேருக்கு, கட்டி இருக்கிறது. அதே பரிசோதனை, அதே திறன். 480 பேரைப் பிடிக்கும். 20 பேரைத் தவறவிடும். கட்டி இல்லாத 500 பேரில் 200 பேருக்கு 'இல்லை' என்று வரும். ஆக 'இல்லை' என்ற ரிப்போர்ட் வாங்கியவர்கள் 220 பேர். அவர்களில் கட்டி உள்ளவர்கள் 20 பேர். அதாவது 11 பேரில் ஒருவர்.

கருவியும் ரசாயனமும் எல்லையும் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். மாறியது ஒன்றே ஒன்று: பரிசோதனைக்கு முன்பே அவர்களிடம் இருந்த வாய்ப்பு. வாய்ப்பு முதலிலேயே குறைவாக இருந்தால், 'இல்லை' என்ற பதில் அதை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. 5 சதவீதத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் அரை சதவீதம். நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். வாய்ப்பு உயர்ந்திருந்தால் அந்த அளவுக்குக் குறையாது; 50 சதவீதத்தில் 9 சதவீதம் மிஞ்சுகிறது. ஆழ்சிரைக் கட்டி உடைந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிரே போகலாம் என்ற நிலையில், 11 பேரில் ஒருவரைத் தவறவிடும் முறையை எந்த டாக்டரும் ஏற்க முடியாது. பின்வரும் மூன்று மாதத்தில் 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு மேல் தவறாத முறையையே பாதுகாப்பானது என்று பொதுவாக ஏற்கிறார்கள்.

வெல்ஸ் குழுவின் 2003 ஆய்வும் இதையே நடைமுறையில் காட்டியது. மதிப்பெண் குறைவாகவும் டி-டைமர் 'இல்லை' என்றும் வந்தவர்களை ஸ்கேன் இல்லாமலே அனுப்பிக் கண்காணித்தார்கள். பின்னர் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது 100-க்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடம்தான்.

இன்னொன்றையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். வாய்ப்புக் குறைந்த ஆயிரம் பேரில் 'கூடியிருக்கிறது' என்ற ரிப்போர்ட் வாங்குபவர்கள் 618 பேர். அவர்களில் 48 பேருக்குத்தான் கட்டி. 570 பேருக்கு இல்லை. ஆகவே டி-டைமரை மட்டும் பார்த்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை மாதக்கணக்கில் எழுதிக்கொடுப்பது தவறு. கட்டியே இல்லாதவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தைக் கொடுப்பதாக அது முடியும்.

'வாய்ப்புக் குறைவு' என்றால் சந்தேகமே இல்லை என்று பொருள் அல்ல. காலில் ஏதோ அறிகுறி இருக்கிறது, கட்டியாக இருக்குமோ என்ற கேள்வி எழுகிறது, ஆனால் மதிப்பெண் குறைவு என்பதே பொருள். எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் டி-டைமரைச் சேர்த்தால், தேவையில்லாத பயமும் ஸ்கேன் செலவும்தான் மிஞ்சும்.

ஒரே எண், இரண்டு மனிதர்கள்

விளக்கத்துக்காக இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். இருவருடைய டி-டைமரும் 310. பரிசோதனையின் எல்லை 500. இரண்டு ரிப்போர்ட்டும் 'இயல்பு' என்றே சொல்கின்றன.

முதலாமவர் 32 வயதுப் பள்ளி ஆசிரியை. விளையாட்டு விழாவில் ஓடியபோது இடது கெண்டைக்காலில் சுரீரென்று இழுத்துப் பிடித்தது. இரண்டு நாளாக வலி. நடுவில் இரவுப் பேருந்தில் ஊருக்குப் போய் வந்ததால், கட்டியாக இருக்குமோ என்று பயந்து வருகிறார். அளந்தால் இரண்டு கெண்டைக்காலுக்கும் 1 செ.மீ. வித்தியாசம். குழி விழவில்லை. வலி தசையின் நடுவில் ஒரே இடத்தில் இருக்கிறது. சிரைத் தடத்தில் இல்லை. புற்றுநோய், அறுவைச் சிகிச்சை, பழைய கட்டி எதுவும் இல்லை. தசைக் கிழிவு என்ற வேறு காரணம் நன்றாகப் பொருந்துவதால் இரண்டு கழிக்க வேண்டும். மொத்தம் −2.

இவருக்கு 310 என்ற எண் கேள்வியை முடித்துவிடுகிறது. ஸ்கேன் வேண்டாம்; மருந்தும் வேண்டாம். தசைக் கிழிவுக்கான சிகிச்சை போதும். வீக்கம் மேலேறினாலோ, கால் முழுதும் கனத்தாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ உடனே திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். மிஞ்சியிருக்கும் அந்த அரை சதவீதத்துக்கான காப்பு இந்த வார்த்தைகள்தான். அவற்றைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

இரண்டாமவர் 61 வயதுக்காரர். பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார். வலது கால் தொடைவரை வீங்கியிருக்கிறது. கெண்டைக்கால் 4.5 செ.மீ. கூடுதல். அழுத்தினால் அந்தக் காலில் மட்டும் குழி விழுகிறது. தொடையின் உட்பக்கம் சிரைத் தடத்தில் தொட்டால் வலிக்கிறது. புற்றுநோய்க்கு 1, கால் முழு வீக்கத்துக்கு 1, சுற்றளவுக்கு 1, குழிக்கு 1, வலிக்கு 1. மொத்தம் 5.

இவருக்கு ஸ்கேனுக்கு முன் டி-டைமரைக் கேட்டதே தேவையற்றது. எண் கூடியிருந்தாலும் ஸ்கேன், கூடாவிட்டாலும் ஸ்கேன். முடிவை மாற்றாத எண் நேரத்தை மட்டுமே தின்னும். அதைவிட மோசமாக, 'ரத்தப் பரிசோதனை இயல்புதான்' என்று யாராவது அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மேலும் விசாரித்தால் வீக்கம் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. நேற்று மாலை இன்னோரிடத்தில் ஹெப்பாரின் ஊசியும் போட்டிருக்கிறார்கள். இரண்டுமே எண்ணைக் கீழே இழுக்கக்கூடியவை. ஸ்கேனில், முழங்காலுக்குப் பின்னுள்ள சிரை கருவியால் அழுத்தியும் மூடவில்லை. நல்ல சிரை அழுத்தினால் தட்டையாகிவிடும். கட்டி உள்ள சிரை ஆகாது. அங்கே கட்டி இருந்தது. சிகிச்சை தொடர்ந்தது.

மதிப்பெண் உயர்ந்தவருக்கு டி-டைமர் எப்போதுமே வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. ஸ்கேனில் கட்டி தெரியாவிட்டால், அப்போது டி-டைமருக்கு இரண்டாவது வேலை வருகிறது. அது 'இல்லை' என்று வந்தால் ஆழ்சிரைக் கட்டி பற்றிய தேடலை அத்துடன் நிறுத்தலாம். கூடியிருந்தால் 6 முதல் 8 நாளில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். ஏனென்றால் கெண்டைக்காலில் இருக்கும் சிறு கட்டி அதற்குள் மேலேறித் தெரியவரலாம். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. இங்கே 'இல்லை' ஏன் நம்பகமாகிறது? ஸ்கேன் தெளிவாக வந்ததால் அவருடைய வாய்ப்பு ஏற்கெனவே இறங்கிவிட்டது. விதி மாறவில்லை; ஆளின் நிலைதான் மாறியிருக்கிறது.

ரிப்போர்ட்டை வாசிக்கும் முறை

எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள். டி-டைமரை எஃப்.இ.யு. என்றும் டி.டி.யு. என்றும் இரண்டு வகையில் எழுதுகிறார்கள். முன்னது ஃபைப்ரினோஜன் எடையில் கணக்கிட்டது. பின்னது டி-டைமர் துண்டின் எடையில் கணக்கிட்டது. எஃப்.இ.யு. எண் டி.டி.யு. எண்ணைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எஃப்.இ.யு.வில் மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் என்பது டி.டி.யு.வில் ஏறக்குறைய 250. சில ஆய்வுக்கூடங்கள் மைக்ரோகிராமில் எழுதும். அங்கே அதே 500 என்பது 0.5 ஆகிவிடும். ஒரு ரிப்போர்ட்டில் 400 டி.டி.யு. என்று இருக்க, 500-க்குக் கீழே என்று நினைத்து இயல்பு என்று முடிவெடுத்தால் அது அபாயகரமான தவறு. அந்த ரிப்போர்ட்டிலேயே அச்சிட்ட எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும். ஓர் ஆய்வுக்கூடத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

அடுத்து வயது. 50 வயதுக்கு மேற்பட்டவருக்கு, 500 எஃப்.இ.யு. எல்லை கொண்ட பரிசோதனையில், வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை எல்லையாகக் கொள்ளலாம். 72 வயதானவருக்கு எல்லை 720. டி.டி.யு. என்றால் பத்துக்குப் பதில் ஐந்தால் பெருக்க வேண்டும். நுரையீரல் அடைப்புச் சந்தேகம் உள்ளவர்களிடம் இந்த முறை பாதுகாப்பானது என்று 2014-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. முதியவர்களில் நிறையப் பேர் ஸ்கேன் இல்லாமலே விடைபெற இது உதவுகிறது. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை.

மூன்றாவது, எந்த முறையில் அளந்தார்கள் என்பது. எலிசா முறையும், தானியங்கிக் கருவியில் கலங்கலை அளக்கும் லேடெக்ஸ் முறையும் கட்டிகளை அரிதாகவே தவறவிடுபவை. கண்ணாடித் தகட்டில் துகள் திரள்கிறதா என்று கண்ணால் பார்க்கும் பழைய முறை அவ்வளவு நுட்பமானது அல்ல. அதில் வந்த 'இல்லை'யை மதிப்பெண் மிகக் குறைந்தவரிடம் மட்டுமே ஏற்கலாம்.

ரத்தம் எடுப்பவரின் கவனமும் இந்த எண்ணில் இருக்கிறது. சிட்ரேட் உள்ள நீலமூடிக் குழாயில் குறித்த கோடுவரை ரத்தம் நிரம்ப வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பதே கணக்கு. பாதி நிரம்பினால் பிளாஸ்மா நீர்த்து எண் குறைந்துவிடும். எல்லைக்கு அருகில் இருப்பவருக்கு அதுவே பொய்யான 'இல்லை' ஆகலாம். குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்க வேண்டும். குழாய்க்குள் உறைந்த ரத்தத்தை ஆய்வுக்கூடம் ஏற்கக் கூடாது. புதிதாக எடுக்கச் சொல்ல வேண்டும்.

'இல்லை' ஏமாற்றும் இடங்கள்

மதிப்பெண் குறைவாக இருந்தாலும், மூன்று சூழ்நிலைகளில் 'இல்லை'யை அப்படியே நம்பக் கூடாது.

முதலாவது காலதாமதம். டி-டைமர் ரத்தத்தில் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. புதிய துண்டுகள் வந்துகொண்டே இருந்தால்தான் எண் உயர்ந்து நிற்கும். கட்டி பழையதாகி, கரைதல் மந்தமானால் எண் இறங்கிவிடும். வலி தொடங்கி ஒன்றிரண்டு வாரம் கடந்து வருபவருக்கு, தேதியைக் கேட்காமல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

இரண்டாவது மருந்து. ஹெப்பாரின், வார்ஃபரின் மற்றும் இப்போதைய மாத்திரைகள் புதிய ஃபைப்ரின் உருவாவதைத் தடுக்கின்றன. மருந்து தொடங்கிய பிறகு எண் இறங்கும். கட்டி அங்கேயே இருக்கும். ஸ்கேனுக்குத் தாமதமாகும் என்று முன்னெச்சரிக்கையாக ஊசி போடுவதானால், டி-டைமருக்கான ரத்தத்தை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு ஊசி போடுங்கள்.

மூன்றாவது கட்டியின் அளவு. டி-டைமரின் அளவு கட்டியின் பருமனோடு தொடர்புடையது. கெண்டைக்காலின் சிறு சிரைகளில் மட்டும் இருக்கும் கட்டி சில சமயம் எல்லையைத் தாண்டாது. இப்படிப்பட்ட கட்டிகள் நுரையீரலை அடைப்பது தொடைக்கட்டிகளைவிட அரிது. என்றாலும், வலி கூடினால் திரும்பி வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கர்ப்பிணிக்குச் சந்தேகம் வந்தால் டி-டைமரில் நேரம் கழிக்காமல் நேரே ஸ்கேனுக்கு அனுப்புங்கள். வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து சில நாளே ஆனவருக்கும் இதே வழிதான். அவர்களிடம் எண் பெரும்பாலும் கூடியே இருக்கும். 'இல்லை' என்று வருவதே அபூர்வம். பதில் கிடைக்காத கேள்வியைக் கேட்பதில் பயன் இல்லை.

மேசையில் ஒட்டி வைக்க

1. அறிகுறி உண்டா? இல்லையென்றால் டி-டைமர் வேண்டாம்.
2. வலி தொடங்கிய தேதியையும், உறைவுத்தடுப்பு மருந்து ஏதும் எடுத்தாரா என்பதையும் எழுதுங்கள்.
3. அளவுநாடாவோடு மதிப்பெண் போட்டு, ரத்தம் எடுப்பதற்கு முன்பே குறிப்பேட்டில் பதியுங்கள்.
4. மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல்: நேரே ஸ்கேன்.
5. மதிப்பெண் 1 அல்லது அதற்குக் கீழ்: டி-டைமர். அலகு, எல்லை, வயது மூன்றையும் பார்த்து வாசியுங்கள்.
6. 'இல்லை' என்றால் திரும்பி வர வேண்டிய அறிகுறிகளைச் சொல்லி அனுப்புங்கள். கூடியிருந்தால் ஸ்கேன்.

நோயாளியாகவோ உறவினராகவோ இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டி-டைமர் இயல்பாக இருக்கிறது என்று சொல்லப்பட்டால், 'என் காலைப் பார்த்து வாய்ப்பைக் கணித்தீர்களா? அது குறைவா, அதிகமா?' என்று டாக்டரிடம் கேளுங்கள். குறைவு என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அதிகம் என்றால், எண் எதுவாக இருந்தாலும் ஸ்கேன் எடுக்காமல் திரும்பாதீர்கள்.